ஆளைப் பற்றிய சொல், ஆபத்தைப் பற்றிய சொல்: பாலக்காடு, இடுக்கி எல்லையில் காதலும் நட்பும்

பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், முதலமடை, மீனாட்சிபுரம். இடுக்கியில் தேவிகுளம், மூணாறு, மறையூர், பூப்பாறை, குமுளி. இந்த ஊர்களைத் தமிழ்நாட்டிலிருந்து பிரிப்பது ஒரு சோதனைச்சாவடி, சில இடங்களில் ஒரு மலைச்சரிவு. 1956இல் மாநிலங்கள் மொழிவழி பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. அதுவரை சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்த பாலக்காடும் கேரளத்தோடு சேர்ந்தது. கோடு போடப்பட்ட பிறகும் சம்பந்தம் பேசுவது கோட்டைத் தாண்டித்தான் நடந்தது. கொழிஞ்சாம்பாறைக்காரருக்குப் பொள்ளாச்சியிலும் கோவையிலும் உறவு. மூணாறு எஸ்டேட் குடும்பங்களுக்குப் போடியிலும், திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் கிராமங்களிலும் வேர். ஒரு பெண்ணோ பையனோ யாரோடு பழகுகிறார் என்ற செய்தி இந்த உறவு வழிகளிலெல்லாம் பஸ்ஸைவிட வேகமாகப் போகும்.

இப்படிப்பட்ட இடத்தில் புதிதாக முளைத்த காதலை முதலில் கேட்பவர் அநேகமாக ஒரு நண்பர்தான். பெற்றோரிடம் பேசும் நாள் வரும், அல்லது வராமலே போகும். ஆனால் "என் ஆளு" என்று ஒருவரைச் சுட்டிக்காட்டும் முதல் நாள் நண்பருக்கு உரியது. அன்று நண்பர் சொல்லும் கருத்தை எப்படி எடுத்துக்கொள்வது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

நகரத்து நட்பிலிருந்து இங்கத்திய நட்பு ஒரு விதத்தில் வேறுபட்டது. தேயிலை எஸ்டேட்டின் லயத்தில் வீடுகள் சுவரைப் பகிர்ந்துகொண்டு வரிசையாக நிற்கும். தோழியின் அம்மாவும் பெண்ணின் அம்மாவும் ஒரே மலையில் கொழுந்து எடுப்பவர்கள். இரு குடும்பமும் ஒரே பூர்விக ஊரிலிருந்து வந்தவையாகவும், தோழி அத்தை மகளாகவோ சித்தி மகளாகவோகூட இருக்கலாம். வீடு வேலையோடு சேர்ந்து வருவதால், சண்டை வந்தது என்று யாரும் வேறு தெருவுக்குக் குடிபோய்விட முடியாது. கிழக்குப் பாலக்காட்டுச் சமவெளியில் லயம் இல்லை. ஆனாலும் ஒரே பள்ளி, ஒரே கோயில், ஒரே பஸ் என்று அதே நெருக்கம் வேறு வடிவில் இருக்கிறது. ஆகவே நண்பர் கருத்துச் சொல்லும்போது வெளியில் நின்று பார்க்கும் பார்வையாளராகச் சொல்வதில்லை. நாளை விலை கொடுக்கப்போகிறவர்களில் அவரும் ஒருவர்.

அதனால்தான் அவருடைய வாயிலிருந்து வரும் ஒரே வாக்கியத்தில் இரண்டு தனித்தனிச் செய்திகள் பின்னிக்கிடக்கின்றன. ஒன்று ஆளைப் பற்றியது: இவன் எப்படிப்பட்டவன், உன்னை எப்படி நடத்துகிறான். மற்றொன்று ஆபத்தைப் பற்றியது: இது தெரிந்தால் உன் வீடு என்ன செய்யும், ஊர் என்ன பேசும், எனக்கு என்ன ஆகும். "அவன் வேண்டாம்டி" என்ற சொல்லுக்குள் இவ்விரண்டில் எது இருக்கிறது என்று பிரித்துப் பார்க்காமல் கோபப்படுவதும் அடங்கிப்போவதும் இரண்டுமே தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும். நண்பர் கருத்தைக் கையாளுவது என்பது பெரும்பாலும் இந்தப் பிரிப்பு வேலைதான்.

கண்டு வந்த பாங்கன்

இந்தப் பிரிப்பைத் தமிழ் அகமரபு நுட்பமாக அறிந்திருந்தது. காதலரையும் நண்பரையும் சேர்த்தே களவு ஒழுக்கத்தை இலக்கணப்படுத்திய மரபு அது. தொல்காப்பியக் களவியலும் இறையனார் களவியலும் பிற்கால நம்பியகப்பொருளும் காதல் எந்தப் படிகளில் நண்பருக்குத் தெரியவருகிறது, நண்பர் எப்படி எதிர்க்கிறார், எப்படி உடன்படுகிறார் என்பதைத் துறை துறையாக வகுத்திருக்கின்றன.

தலைவனின் நண்பன் பாங்கன். தலைவன் மெலிந்து வாடியிருப்பதைக் கண்டு என்ன நேர்ந்தது என்று கேட்கிறான். தலைவன் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறான். உடனே பாங்கன் கடிந்துரைக்கிறான்: உன்னைப் போன்ற அறிவுடையவன் இப்படி நிலைகுலையலாமா? இதைக் கழறல் என்பார்கள். தலைவன் மறுத்துப் பேசுவது கழற்றெதிர்மறை. அவன் மறுப்பின் சாரம் எளியது: நீ அவளைப் பார்க்காமல் பேசுகிறாய். பாங்கன் அவள் இருக்கும் இடமும் இயல்பும் கேட்டறிந்து, தானே போய்ப் பார்க்கிறான். பார்த்த பிறகு அவன் பேச்சு மாறுகிறது. இவளைக் கண்டு பிரிந்து வந்தவன் இவ்வளவாவது தாங்கினானே என்று நண்பனை வியக்கிறான்.

கடிந்துரைத்ததற்காக மரபு பாங்கனைக் குறை சொல்லவில்லை. கடிந்துரைப்பது நட்பின் கடமை என்றே ஏற்கிறது. ஆனால் காணாமல் சொன்ன கருத்தையும் கண்டு சொன்ன கருத்தையும் இரண்டு தனித் துறைகளாக வைத்தது. முதல் கருத்து நண்பனைப் பற்றிய அக்கறையிலிருந்து வந்தது. இரண்டாவதுதான் அந்தப் பெண்ணைப் பற்றியது.

தோழியின் பங்கு இன்னும் சிக்கலானது. தோழி செவிலியின் மகள் என்கிறது தொல்காப்பியம். வீட்டுக்குள் வளர்ந்தவள், அந்த வீட்டுக்குப் பதில் சொல்லவேண்டியவளின் மகள். லயத்துத் தோழியைப் போலவே அவளும் ஆபத்தில் பங்காளி. காதலை அவள் அறிந்துகொள்ளும் வழி மூன்று என்று மரபு வகுக்கிறது: தலைவியின் மாற்றங்களைக் கண்டு தானே முன்னதாக உணர்வது, தலைவன் தன் குறையைச் சொல்லி வேண்டும்போது உணர்வது, தானும் தலைவியும் சேர்ந்திருக்கும் இடத்துக்கு அவன் வரும் வரவைக் கண்டு உணர்வது. மூன்றாவதில் தோழிக்கு யாரும் எதையும் சொல்வதில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்க்கும் பார்வையைக் கொண்டு அவளே முடிவுக்கு வருகிறாள். உணர்ந்தபின் உடனே உதவுவதும் இல்லை. அவன் கொண்டுவரும் தழையையும் பூவையும் ஏற்காமல் திருப்பி அனுப்பி, இன்று போய் நாளை வா என்று அலையவைக்கிறாள். இது சேட்படை. அவன் சலித்துப்போகிறானா, கோபப்படுகிறானா, பொறுமையாகத் திரும்பி வருகிறானா என்பது இதில் தெரிந்துவிடும். ஆளைப் பற்றிய கருத்தை நடத்தையிலிருந்து திரட்டும் முறை இது.

ஆபத்தைப் பற்றி அவள் பேசுவது பிறகு, வேறு குரலில். இரவில் நீ வரும் வழியில் யானையும் புலியும் உண்டு, காட்டாறு உண்டு, ஊரில் அலர் எழுந்துவிட்டது, தாய் இவளை வீட்டுக்குள் அடைத்துவிட்டாள் என்கிறாள். இங்கே அவள் அவனைக் கெட்டவன் என்று சொல்லவே இல்லை. இந்த ஆபத்துகளை அடுக்கி அவள் கேட்பது ஒன்றே: மறைவை விட்டு வெளியே வா, மணம் பேசு. இது வரைவு கடாதல். நல்லவன் என்று தெரிந்த பிறகே இந்தப் பேச்சு வருகிறது என்பதைக் கவனிக்கவேண்டும். ஆபத்து, காதலை விடுவதற்கான காரணமாக அல்லாமல், அடுத்த அடியைத் தீர்மானிக்கும் காரணமாக நிற்கிறது.

கபிலரின் குறிஞ்சிப்பாட்டு இந்த வரிசையின் கடைசிப் படியை 261 அடிகளில் காட்டுகிறது. பாட்டு முழுவதும் தோழி செவிலியிடம் பேசுவது. தினைப்புனம் காத்தபோது அவன் வந்ததையும், பாய்ந்து வந்த யானையை அவன் அம்பெய்து விரட்டியதையும், அதன்பின் அவன் நடந்துகொண்ட விதத்தையும் கண்டது கண்டபடி சொல்கிறாள். அவளுடைய பரிந்துரைக்கு எடை கிடைப்பது அவள் உடனிருந்து பார்த்தவள் என்பதால்தான்.

நண்பரின் கணிப்பு எவ்வளவு சரி?

நண்பர் கண்டு சொல்வது நம்பத்தக்கதா? இதை வட அமெரிக்க உளவியலாளர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். 1999இல் டாரா மெக்டொனால்ட், மைக்கேல் ராஸ் இருவரும் வெளியிட்ட ஆய்வில் காதலில் இருந்த கனடிய மாணவர்களிடமும், அவர்களுடைய அறைத்தோழர்களிடமும், பெற்றோரிடமும் ஒரே கேள்வி கேட்கப்பட்டது: இந்த உறவு எவ்வளவு காலம் நீடிக்கும்? காதலர்கள் தங்கள் கணிப்பில் மிகுந்த உறுதியோடு இருந்தார்கள். ஆனால் அறைத்தோழர்களும் பெற்றோரும் சொன்னதே நடந்ததற்கு நெருக்கமாக இருந்தது. காரணமும் அதே ஆய்வில் இருக்கிறது. காதலர்களுக்குத் தங்கள் உறவின் குறைகள் தெரியாமல் இல்லை. எதிர்காலத்தைக் கணிக்கும்போது அவற்றை ஒதுக்கிவிட்டு நிறைகளை மட்டும் எண்ணிப் பார்த்தார்கள். தெரிந்ததைக் கணக்கில் சேர்ப்பதுதான் நண்பர் செய்த வேலை.

2001இல் கிறிஸ்டோபர் ஆக்னியூவும் அவருடைய சகாக்களும் காதலர் இருவரோடு அவர்களின் நட்பு வட்டத்தையும் சேர்த்து ஆராய்ந்தார்கள். உறவு நிலைக்குமா என்பதைக் கணிப்பதில் பெண்ணின் தோழமை வட்டத்தினுடைய பார்வைக்குத் தனி வலு இருந்தது. பெண்கள் தம் உறவின் உள்விவரங்களைத் தோழியரிடம் அதிகம் பகிர்ந்துகொள்வது இதற்கு ஒரு விளக்கமாகக் கூறப்படுகிறது. கணிப்பின் தரம் தகவலின் அளவைப் பொறுத்தது என்பது இதிலிருந்து கிடைக்கும் பாடம். பாங்கன் போய்ப் பார்த்தபின் பேச்சை மாற்றியதும் இதே காரணத்தால்தான்.

எதிர்ப்பு காதலை வளர்க்கும் என்று நம் திரைப்படங்கள் பழக்கிய எண்ணத்தையும் இங்கே சோதித்துப் பார்க்கவேண்டும். 1972இல் டிரிஸ்கால் குழு வெளியிட்ட ஆய்வு, பெற்றோரின் தலையீடு கூடும்போது காதலும் கூடுவதாகச் சொன்னது. ரோமியோ ஜூலியட் விளைவு என்று அது புகழ்பெற்றது. 2014இல் சின்க்ளேர் குழு மீண்டும் சோதித்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. சுற்றியுள்ளோரின் ஒப்புதல் உறவுக்கு வலுவூட்டுவதும், அவர்களுடைய மறுப்பு உறவைத் தளர்த்துவதுமே தெரிந்தது. நண்பர்கள் எல்லோரும் எதிர்த்தால் நாங்கள் இன்னும் நெருக்கமாவோம் என்று நம்பி அறிமுகத்தைச் சவாலாக நடத்துவது ஆகவே ஆபத்தான கணக்கு.

ஆனால் இந்த ஆய்வுகளுக்கு ஓர் எல்லை உண்டு. அங்கே அறைத்தோழர் பேசியது பெரும்பாலும் ஆளைப் பற்றியும் உறவைப் பற்றியும். சாதி மாறிய காதலுக்காக உயிர் போகலாம் என்ற அச்சம் அந்தக் கேள்வித்தாள்களில் இல்லை. இந்திய மனித வளர்ச்சி ஆய்வின் 2011–12 சுற்றில் சாதி கடந்த திருமணங்கள் சுமார் 5 விழுக்காடுதான். அப்படிப்பட்ட சமூகத்தில் நண்பர் ‘இது நிலைக்காது’ என்று சொன்னால், அது இருவரின் பொருத்தத்தைப் பற்றிய கணிப்பா, ஊரைப் பற்றிய கணிப்பா என்று கேட்டே ஆகவேண்டும். கனடாவில் கிடைத்த முடிவை அப்படியே கொண்டுவந்து ‘நண்பர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்’ என்று பாலக்காட்டில் சொல்ல முடியாது.

தேங்குறிச்சி

ஊரைப் பற்றிய கணிப்பை வெறும் பயம் என்று தள்ளிவிடவும் முடியாது. 2020 டிசம்பர் 25 மாலை பாலக்காடு மாவட்டம் தேங்குறிச்சியில் ஓர் இளைஞர் தெருவில் வெட்டிக் கொல்லப்பட்டார். அவரும் அவர் மனைவியும் பள்ளி நாளிலிருந்து காதலித்தவர்கள். சாதியும் வசதியும் வேறு. பெண் வீட்டின் எதிர்ப்பை மீறி மணம் முடித்து மூன்று மாதம்கூட நிறைவடையவில்லை. அந்தத் தாலி மூன்று மாதத்துக்கு மேல் தங்காது என்று பெண்ணின் தந்தை மிரட்டியிருந்ததாகக் குடும்பத்தினர் சொன்னார்கள். தாக்குதல் நடந்தபோது இளைஞரின் சகோதரர் உடன் இருந்தார். பெண்ணின் தந்தைக்கும் மாமனுக்கும் பாலக்காடு நீதிமன்றம் 2024 அக்டோபரில் ஆயுள் தண்டனை விதித்தது.

சாதிக்கொலை கேரளத்தில் நடக்காது என்ற ஆறுதலுக்கு இந்த வழக்கு இடம் தரவில்லை. நண்பர் கருத்து என்ற நம் பொருளுக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. இப்படிப்பட்ட சம்பவங்களில் மிரட்டல் முன்கூட்டியே வந்துவிடுகிறது. அது முதலில் காதில் விழுவது அக்கம்பக்கத்தில் பழகுகிறவர்களுக்குத்தான். "உங்க மாமா சும்மா விடமாட்டாரு" என்று ஒரு தோழி சொன்னால், அவள் அந்த மாமாவை அறிந்தவள். அவர் யாரை அடித்திருக்கிறார், யாரோடு சேர்ந்து குடிக்கிறார், கோபத்தில் என்ன சொன்னார் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். அந்தச் சொல் காதலனைப் பற்றிய தீர்ப்பாகாது. ஆனால் அது தகவல். தீர்ப்பாக எடுத்துக்கொண்டு சண்டை போட்டால் தகவல் வருவது நின்றுவிடும்.

ஒரு மாதிரி நிலை

கற்பனையான ஒரு நிலையை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பார்க்கலாம். பெண் கொழிஞ்சாம்பாறைப் பக்கம், நிலம் வைத்திருக்கும் குடும்பம், கோவையில் முதுகலை படிக்கிறாள். பையன் தேவிகுளம் எஸ்டேட்டில் பிறந்தவன், கோவையில் வேலை. சாதி வேறு. அவளுக்கு நெருக்கம் இருவர்: ஒரே தெருவில் வளர்ந்த பள்ளித்தோழி, விடுதியில் அறையைப் பகிர்ந்துகொள்ளும் மலையாளத் தோழி. நான்கு மாதப் பழக்கத்துக்குப் பின் அவர்களிடம் சொல்லவேண்டும் என்று நினைக்கிறாள்.

முதல் முடிவு, யாரிடம் முதலில் என்பது. விடுதித் தோழிக்கு ஊரோடு ஒட்டுறவு இல்லை. அவளுடைய கருத்தில் ஆளைப் பற்றிய பங்கு அதிகமாகவும் ஆபத்தைப் பற்றிய பங்கு குறைவாகவும் இருக்கும். பள்ளித்தோழியிடம் இது தலைகீழாக இருக்கும். இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்தால் பள்ளித்தோழியின் அச்சம் அறையை நிரப்பிவிடும். விடுதித் தோழி தான் கண்டதைச் சொல்லத் தயங்குவாள். ஆகவே தனித்தனியாகச் சொல்வது நல்லது, விடுதித் தோழியிடம் முதலில்.

இரண்டாவது, எங்கே, எப்படி என்பது. வேலந்தாவளம் வழியாகப் போகும் கொழிஞ்சாம்பாறை பஸ்ஸிலோ மலம்புழா பூங்காவிலோ சந்தித்தால் தெரிந்தவர் கண்ணில் படாமல் இருக்காது. கோவையிலேயே சந்திக்கலாம். எதிரெதிரே உட்கார்ந்து கேள்வி கேட்கும் சந்திப்பில் எல்லோரும் நல்ல முகம் காட்டுவார்கள். சேர்ந்து ஒரு வேலை செய்யும் அரை நாள் அதிகம் சொல்லும்: புத்தகக் கண்காட்சிக்குப் போவது, ஒரு சிநேகிதியின் அறை மாற்றத்துக்குச் சாமான் தூக்குவது. பஸ் தாமதமாகும்போது, கடைக்காரர் தவறான பில் கொடுக்கும்போது, அவள் அவன் சொன்னதை மறுக்கும்போது அவன் என்ன செய்கிறான் என்பது தோழியின் கண்ணில் படும். சேட்படை தேடியதும் இந்தத் தகவலைத்தான். படம் எடுத்து ஸ்டேட்டஸில் போடுவதில்லை என்று முன்பே பேசிக்கொள்ளவேண்டும். அது தோழியின் பாதுகாப்புக்கும் சேர்த்து.

மூன்றாவது, என்ன கேட்பது என்பது. "எப்படி இருக்கான்?" என்று கேட்டால் "நல்லாத்தான் இருக்கான்" என்ற பதில்தான் வரும். அதில் எதுவும் இல்லை. அவன் பேசும்போது நான் எப்படி இருந்தேன்? வழக்கத்தைவிட அமைதியாக இருந்தேனா? என்னை அவன் எங்கேயாவது வெட்டிப் பேசினானா? இப்படிக் கேட்டால் தோழி தான் கண்டதைத் தேடி எடுத்துச் சொல்வாள். விடுதித் தோழி இப்படிச் சொல்வதாக வைத்துக்கொள்வோம்: "நீ தண்ணி வாங்கப் போனப்போ உன் ஃபோனை எடுத்துப் பாத்தான். யார் மெசேஜ்னு என்கிட்டயே கேட்டான்." இது கண்டது. எப்போது, என்ன செய்தான் என்ற இரண்டும் இதில் இருக்கின்றன. காதலின் இனிமையில் அவளுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் ஃபோனைச் சோதிப்பது, நண்பர்களைக் குறைத்துக்கொள்ளச் சொல்வது, எங்கே இருக்கிறாய் என்று மணிக்கொரு முறை கேட்பது, கடன் வாங்கித் திருப்பாமல் இருப்பது போன்றவற்றை ஒரு தோழி சுட்டிக்காட்டினால் உடனே மறுத்துப் பேசாமல் கேட்டுக்கொள்ளவேண்டும். பிறகு அவனிடம் நேரடியாகப் பேசவேண்டும். அவன் அதற்கு எப்படி முகம் கொடுக்கிறான் என்பதே அடுத்த தகவல். தவறை ஒப்புக்கொண்டு நிறுத்துகிறானா, தோழி மேல் பாய்ந்து "அவ சகவாசம் வேண்டாம்" என்கிறானா? இரண்டாவது நடந்தால் தோழி சொன்னதைவிடப் பெரிய செய்தி அவன் வாயிலிருந்தே வந்துவிட்டது.

நான்காவது, பள்ளித்தோழி. அவள் அவனைப் பார்க்கும் முன்பே சொல்கிறாள்: "எஸ்டேட்டுப் பசங்களப் பத்தி நீ கேள்விப்பட்டதில்லையா? வேண்டாம்டி. உங்க பெரியப்பாவுக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான்." இதில் மூன்று சரடுகள் இருக்கின்றன. முதல் வாக்கியம் ஊரின் முன்முடிவு, அவனைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நடுவில் இருப்பது தோழியின் அன்பும் அச்சமும். கடைசி வாக்கியம் தகவல். மூன்றுக்கும் ஒரே பதில் சொன்னால் குழப்பம்தான் மிஞ்சும். முதலாவதற்கு, "நீ அவனைப் பாத்துட்டு சொல்லு" என்ற பாங்கனுக்குரிய பதில் போதும். கடைசி வாக்கியத்துக்குக் கேள்விகள் வேண்டும்: பெரியப்பா இதற்கு முன் யாருக்கு என்ன செய்தார்? வீட்டில் யார் நம் பக்கம் பேசக்கூடும்? உன் வீட்டுக்கு இதனால் என்ன வரும்? நடுவில் இருக்கும் அச்சத்துக்கு வாதம் உதவாது. அவளுக்கு நேரம் கொடுப்பதும், அவளை எந்தப் பொய்க்கும் துணை கேட்காமல் இருப்பதும்தான் பதில்.

கண்டு சொன்னதா, கேட்டுச் சொன்னதா என்று அறிய ஒரு சோதனை உண்டு. எதை வைத்துச் சொல்கிறாய் என்று அமைதியாகக் கேட்டால், கண்டவர் ஒரு நிகழ்ச்சியைச் சொல்வார். காணாதவர் கூட்டத்தைச் சொல்வார்: அவங்க ஆளுங்க, அந்த ஊர்க்காரங்க, மலையாளத்தானுங்க, தமிழனுங்க. எல்லை ஊர்களில் இக்கடைசி இரண்டும் இருபுறமும் புழங்குகின்றன. நண்பரின் பேச்சில் தனி ஆள் மறைந்து கூட்டம் முன்னே வந்தால், அங்கே பேசுவது அலர்.

மௌனமும் தவறாகப் படிக்கப்படுகிறது. 2008இல் எட்செவரி குழு செய்த ஆய்வில், நண்பரின் ஒப்புதல் உறவின்மீதான பற்றைத் தொடுவது அந்த ஒப்புதலைக் காதலில் இருப்பவர் எப்படி உணர்கிறார் என்பதன் வழியாகத்தான் என்று தெரிந்தது. நண்பர் உண்மையில் என்ன நினைக்கிறார் என்பதும், அவர் நினைப்பதாக நாம் எண்ணுவதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. தன் வீட்டுக் கவலையில் வாய்மூடி இருந்த தோழியை ‘அவளுக்கு அவனைப் பிடிக்கவில்லை’ என்று எண்ணி மாதக்கணக்கில் பேசாமல் இருப்பவர்கள் உண்டு. கேட்டுத் தெரிந்துகொள்வதைத் தவிர இதற்கு வழி இல்லை.

சாட்சிக் கையெழுத்து

அறிமுகத்தின்போது நண்பரிடம் கேட்பது கருத்து மட்டும்தானா, உதவியுமா என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடவேண்டும். ஏனென்றால் இந்தக் காதல் மணத்தை நோக்கிப் போனால், வீட்டார் வராத இடத்தில் சட்டம் நண்பரைத்தான் அழைக்கிறது.

1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி, மணம் செய்யும் இருவரில் ஒருவராவது குறைந்தது 30 நாள் வசித்த மாவட்டத்தின் திருமண அதிகாரியிடம் அறிவிப்புக் கொடுக்கவேண்டும். அந்த அறிவிப்பு அலுவலகத்தில் ஒட்டப்படும். நிரந்தர முகவரி வேறு மாவட்டத்தில் இருந்தால் அங்குள்ள அதிகாரிக்கும் நகல் போய் அங்கும் ஒட்டப்படும். ஆட்சேபணைக்கு 30 நாள். அறிவிப்புக் கொடுத்த மூன்று மாதத்துக்குள் மணம் நடக்கவேண்டும். மணத்தன்று மூன்று சாட்சிகள் கையெழுத்திடவேண்டும். கேரளத்தில் இந்த அறிவிப்புகள் பதிவுத்துறையின் இணையதளத்திலும் வெளியாகிவந்தன. மதம் கடந்து மணப்பவர்களின் விவரங்களை எடுத்துப் பரப்புவதாகப் புகார் எழுந்ததால் 2020 ஜூலையில் அரசு அதை நிறுத்தியது. ஆனால் அலுவலகப் பலகை இன்னும் இருக்கிறது. ஆகவே அந்த 30 நாளில் சொந்த ஊரில் யாருக்காவது தெரியவரும் என்று எண்ணியே திட்டமிடவேண்டும். ஊரை அறிந்த பள்ளித்தோழியின் தகவல் மிகவும் பயன்படும் காலம் இதுதான்.

எல்லைக்கு அப்பால் சட்டம் நண்பரை இன்னும் வெளிப்படையாகவே பெயர் சொல்கிறது. சுயமரியாதைத் திருமணங்களை ஏற்பதற்காக இந்துத் திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 7ஏ பிரிவு, உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் நடக்கும் மணத்தைச் செல்லத்தக்கதாக்கியது. அப்படிப்பட்ட மணத்துக்குப் பொது அறிவிப்பு கட்டாயமில்லை என்றும், வழக்கறிஞரும் நண்பர் என்ற நிலையில் முன்னின்று நடத்தலாம் என்றும் உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் தெளிவாக்கியது. வயது வந்த இருவரின் மணத்தில் சாதி, ஊர்ப் பஞ்சாயத்துகள் தலையிடுவது சட்டவிரோதம் என்றும், மிரட்டல் இருந்தால் போலீஸ் பாதுகாப்பளிக்கவேண்டும் என்றும் அதே நீதிமன்றம் 2018 மார்ச்சில் சக்தி வாகினி வழக்கில் கூறியிருக்கிறது.

சாட்சியாக நிற்கும் நண்பரின் பெயரும் முகவரியும் ஏட்டில் ஏறும். பிறகு அவர் அதே லயத்தில் அல்லது அதே தெருவில் வாழவேண்டும். ஆகவே இந்த உதவியை அன்பின் பெயரால் கடைசி நாளில் கேட்பது நியாயமில்லை. என்ன நடக்கப்போகிறது, உன் வீட்டுக்கு என்ன வரக்கூடும் என்று முன்னதாகவே சொல்லி, மறுக்கும் உரிமையோடு கேட்கவேண்டும். ஒரு தோழி மறுத்தால் அது காதலுக்கு எதிரான வாக்கு என்று கொள்ளத் தேவையில்லை. ஊரில் தங்கி வாழவேண்டியவளுக்குப் பதிலாக விடுதித் தோழியும் கோவை நண்பர்களும் கையெழுத்திடலாம்.

பார்த்த பிறகும் வேண்டாம் என்றால்

எல்லாவற்றுக்கும் பிறகு, நேரில் பழகிப் பார்த்த நண்பர் ‘இந்த ஆள் உனக்கு வேண்டாம்’ என்று உறுதியாகச் சொல்லக்கூடும். அகமரபில் பாங்கன் மனம் மாறிவிடுகிறான். வாழ்க்கையில் எல்லாப் பாங்கரும் மாறுவதில்லை. அவர் சொல்லும் காரணங்கள் நிகழ்ச்சிகளாக இருந்து, வேறொரு நண்பரும் தனியாக அதையே கண்டிருந்தால், அவசரம் எதுவும் இல்லாதவரை திருமண முடிவைச் சில மாதங்கள் தள்ளிவைப்பதே அறிவு. காதலில் இருப்பவர் தனக்குத் தெரிந்த குறைகளையே கணக்கில் சேர்க்காமல் விடுகிறார் என்று ஆய்வு காட்டிய பலவீனத்துக்கு இந்த அவகாசம்தான் மருந்து. காரணம் ஒரு நிகழ்ச்சியாகவும் இல்லாமல், ஆபத்தாகவும் இல்லாமல், பொறாமையோ தன் நட்பை இழக்கும் வருத்தமோ மட்டும் இருந்தால், அதை அப்படியே பெயர் சொல்லிப் பேசிக்கொள்ளலாம். புதிய உறவு வந்ததும் பழைய நண்பருக்கு ஒதுக்கும் நேரம் குறைவது உண்மைதானே.

முடிவெடுப்பவர் காதலிப்பவர்தான். நண்பரின் கருத்தைக் கேட்டுக்கொண்டு அதற்கு மாறாக நடப்பதும் அவருடைய உரிமை. அப்போது அவர் நண்பரிடம் மனமாற்றத்தைக் கட்டாயப்படுத்தாமல் இருக்கவேண்டும். சாட்சிக் கையெழுத்து இருவரும் தம் விருப்பத்தோடு மணந்தார்கள் என்பதற்குத்தான் சாட்சி. அந்த ஆள் நல்லவன் என்று சாட்சி யாரும் உறுதிமொழி தருவதில்லை. ‘இவன் வேண்டாம் என்று நான் சொன்னேன், இன்றும் அதையே நினைக்கிறேன்’ என்று சொல்லும் தோழி அதே நாளில் பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து கையெழுத்திடலாம். பிறகு ஒருநாள் அந்த வீட்டில் ஏதாவது நேர்ந்தால், கூச்சமில்லாமல் தட்ட முடிவது அவளுடைய கதவைத்தான். கருத்து வேறுபட்ட நட்பைக் காப்பாற்றி வைக்கவேண்டியது இதற்காகவும்தான்.